பொன்முடிக்கு ஏறிய நைட்ரஜன்

தேயிலைச் செடிக்குப் புளிப்பு மண் பிடிக்கும். பொன்முடிச் சரிவுகளைப் போன்ற தேயிலை மண்ணுக்கு அம்மோனியம் சல்பேட் ஒத்துப்போவது அதனால்தான். சர்க்கரை போன்ற அந்த வெள்ளை உரத்தில், நூறு கிலோவுக்கு 21 கிலோ நைட்ரஜன், 24 கிலோ கந்தகம். 22 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே வரும் மூட்டைக்குள் நைட்ரஜன் எப்படி நுழைந்தது என்பதுதான் கதை.

கேரளத்தில் அந்தக் கதை பெரியாற்றங்கரையில் ஏலூர் உத்யோகமண்டலில் தொடங்குகிறது. சர் சி.பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்தபோது, திருச்சி சேஷசாயி சகோதரர்கள் முன்னின்று 1943-ல் அமைத்த ஃபாக்ட் நிறுவனம் 1947-ல் அம்மோனியம் சல்பேட் உற்பத்தியைத் தொடங்கியது. அம்மோனியாவுக்கு வேண்டிய ஹைட்ரஜனை ஆரம்பத்தில் விறகை வாயுவாக்கித்தான் எடுத்தார்கள். நைட்ரஜனுக்குப் பஞ்சமில்லை, காற்றில் ஐந்தில் நான்கு பங்கு அதுதான். அதை ஹைட்ரஜனோடு சேர்ப்பதில்தான் சிக்கல்.

N₂ + 3H₂ ⇌ 2NH₃

இந்த வினை வெப்பத்தை வெளிவிடும், ஆகவே குளிரக் குளிர அம்மோனியா அதிகம் நிற்கும். 200 வளிமண்டல அழுத்தத்தில், சமநிலையில் 300 டிகிரி செல்சியஸில் வாயுவின் 63 சதவீதம் அம்மோனியா. 400-ல் சுமார் 36, 500-ல் சுமார் 18. அப்படியானால் 200 டிகிரியிலேயே வைத்துக்கொள்ளலாமே? வைக்கலாம், ஆனால் ஒன்றும் நடக்காது. நைட்ரஜன் அணுக்கள் இரண்டும் மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டிக்கொண்டிருக்கின்றன. இரும்பு வினையூக்கியின் மேல் அந்தக் கட்டு தொழிற்சாலைக்குப் போதுமான வேகத்தில் அவிழ 400 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும்.

பாடப்புத்தகங்கள் இதை ‘சமரச வெப்பநிலை’ என்று எழுதிவிட்டுப் போகின்றன. எனக்கு அது பிடிப்பதில்லை. இரண்டு தரப்பும் பேசி நடுவில் நின்ற எண் அல்ல இது. இரும்பு வேலை செய்ய ஒப்புக்கொள்ளும் குறைந்தபட்சச் சூடு, அவ்வளவுதான். வெப்பநிலையை முடிவு செய்வது இரும்பு. அதனால் வரும் இழப்பை ஈடுகட்டுவது அழுத்தம். நான்கு மூலக்கூறுகள் இரண்டாகச் சுருங்கும் வினை என்பதால் அழுத்தம் கூடினால் விளைச்சலும் கூடும். அதே 400 டிகிரியில் சாதாரண அழுத்தத்தில் அரை சதவீதம்கூடத் தேறாது.

அழுத்தத்துக்கோ காசு செலவாகும். கம்ப்ரஸர், தடித்த எஃகு, மின்சாரம் அல்லது நீராவி. அதனால் முழு விளைச்சலையும் ஒரே தடவையில் துரத்துவதில்லை. கன்வெர்ட்டரிலிருந்து வெளியே வரும் வாயுவில் 15 சதவீதம் அம்மோனியா என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போன 25 மோல் நைட்ரஜனும் 75 மோல் ஹைட்ரஜனும் இந்த அளவுக்கு வர, ஆறரை மோல் நைட்ரஜன்தான் வினைபுரிந்திருக்கும். நாலில் ஒன்று. வாயுவைக் குளிர்வித்தால் அம்மோனியா திரவமாகிப் பிரிந்துவிடும். மிச்சம் திரும்பவும் கன்வெர்ட்டருக்கே போகும். நம் நைட்ரஜன் சராசரியாக நாலு சுற்று சுற்றித்தான் வெளியேறும்.

இந்தச் சுற்றுக்குப் பெரிய எதிரி கார்பன் மோனாக்சைடும் ஈரமும். கொஞ்சம் தப்பி உள்ளே வந்தாலும் இரும்பின் மேல்பரப்பு சோர்ந்துவிடும். கண்ட்ரோல் அறையில் இதை இரண்டு விதமாகக் கண்டுபிடிப்பார்கள்: வினைச்சூடு மேல் படுக்கையில் குறைந்து கீழ்ப்படுக்கைக்கு இறங்கும், செலவாகாத வாயு சேர்ந்து லூப் பிரஷர் ஏறும். வயதான வினையூக்கிக்குச் சூட்டைக் கூட்டி வேகம் தேடுவதுண்டு. ஆனால் கூட்டிய ஒவ்வொரு டிகிரிக்கும் சமநிலை கொஞ்சம் பின்வாங்கும்.

அதே உரத்தின் மற்ற பாதி, கந்தகம், வேறு வழியில் வந்தது. சல்ஃபர் டை ஆக்சைடு ட்ரை ஆக்சைடாக மாறுவதும் வெப்பம் வெளிவிடும் வினைதான், மூலக்கூறுகள் அதிலும் சுருங்குகின்றன. ஆனாலும் அழுத்தம் கொடுப்பதில்லை. வனேடியம் வினையூக்கி 420 டிகிரிக்கு அருகிலேயே விழித்துக்கொள்ளும். அந்தச் சூட்டில் சாதாரண அழுத்தத்திலேயே சமநிலை 98 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. மிச்சம் ஓரிரு சதவீதத்துக்காக, அரிக்கும் வாயுவை அமுக்க யார் செலவழிப்பார்கள்? முதல் படுக்கையிலேயே வாயு 600 டிகிரி வரை சூடேறி, அங்கே சமநிலை தடுத்து நின்றுவிடும். எனவே படுக்கைக்குப் படுக்கை குளிர்வித்து அனுப்புகிறார்கள். இங்கே கையாள வேண்டியது சூட்டை மட்டும்தான்.

ட்ரை ஆக்சைடிலிருந்து கிடைக்கும் கந்தக அமிலத்தோடு அம்மோனியா சேர்வதில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. உடனே நடக்கும், முழுதாக நடக்கும். உப்பு படிகமாகி, உலர்ந்து, மூட்டையாகும்.

மலைமண்ணில் தூவியதும் அம்மோனியம் களிமண் துகள்களில் ஒட்டிக்கொள்ளும். மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் அதில் ஒரு பகுதியை நைட்ரேட்டாக மாற்றும். பெருமழை பெய்தால் அந்த நைட்ரேட் வடிந்து ஓடிவிடும். பல பயிர்களைப் போலன்றித் தேயிலை, நைட்ரேட்டைவிட அம்மோனியத்தையே விரும்பி எடுக்கிறது. எடுத்ததை வேரிலேயே தியானினாக்கி, மேலே கொழுந்துக்கு அனுப்புகிறது.