எவரெஸ்ட்டின் உயரம் ஏன் மாறிக்கிட்டே இருக்கு?

போன வாரம் ஒரு நண்பர்கூட டீ குடிச்சிட்டு இருந்தப்போ ஒரு சின்ன வாக்குவாதம். எவரெஸ்ட் 8,848 மீட்டர்னு நான் சொன்னேன். "இல்ல, 8,850"னு அவர் சொன்னார். போனை எடுத்துப் பார்த்தா 8,848.86. அப்போ அவர் கேட்ட கேள்விதான் இன்னைக்கு எபிசோட்: "ஒரு மலை, ஒரே இடத்துல நிக்குது. அதோட உயரம் எப்படி இத்தனை தடவை மாறும்?"

இந்தக் கதை தொடங்குற இடம் நம்ம சென்னை. 1802 ஏப்ரலில், பரங்கிமலைக்குப் பக்கத்தில், வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியைத் தரையில் நீட்டி அளக்க ஆரம்பித்தார். சுமார் 12 கிலோமீட்டர் தூரத்தை அளக்க மே மாதம் வரை ஆனது. அவ்வளவு பொறுமை எதற்கு? முக்கோணத்தின் ஒரு பக்கத்தைத் துல்லியமாக அளந்துவிட்டால், மற்ற இரண்டு பக்கங்களுக்குச் சங்கிலி தேவையில்லை. கோணங்களை அளந்தாலே போதும், கணக்கில் வந்துவிடும். அந்த முக்கோணத்தின் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று என்று நாடு முழுக்க ஒரு வலை பின்னலாம். கோணம் அளக்கும் கருவிக்குப் பேர் தியோடலைட். லாம்டனிடம் இருந்தது அரை டன் எடையுள்ள ராட்சசக் கருவி. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து அது அடிபட்டது. அவரே உட்கார்ந்து வாரக்கணக்கில் அதைச் சரிசெய்தார்.

அந்த வலை வளர்ந்து வளர்ந்து, நாற்பது வருஷத்தில் இமயமலை அடிவாரத்தைத் தொட்டது. அங்கே ஒரு பெரிய சிக்கல். நேபாளம் வெளிநாட்டவரை உள்ளே விடவில்லை. அதனால் தராய் என்கிற சமவெளியில், மலேரியா காட்டுக்குள், கோபுரம் கட்டி அதன் மேலிருந்து பார்க்க வேண்டியிருந்தது. 1847-ல் சர்வேயர் ஜெனரல் ஆண்ட்ரூ வா, கஞ்சன்ஜங்காவை அளக்கும்போது அதற்கும் அப்பால் ஒரு சிகரம் தெரிவதைக் கவனித்தார். சுமார் 230 கிலோமீட்டர் தூரம். அதைவிட உயரமா இருக்குமோன்னு ஒரு சந்தேகம். ஆனா தூரத்தில் இருப்பதால் குட்டையாத்தான் தெரியுது.

கொஞ்சம் கிட்டப் போய் அளக்க ஜேம்ஸ் நிக்கல்சன் என்பவரை அனுப்பினார்கள். 1849-50ல் ஆறு இடங்களிலிருந்து அளந்த கோணங்கள் சேர்ந்தன. மிக அருகில் இருந்த இடமே சுமார் 174 கிலோமீட்டர். நிக்கல்சனுக்கு மலேரியா வந்தது. கணக்கை முடிக்காமலே ஊர் திரும்பினார்.

இப்போ அந்தக் கணக்கை நாமே ஒரு தடவை போட்டுப் பார்ப்போம். பயப்படாதீங்க, சின்னதுதான். 174 கிலோமீட்டர் தள்ளி நின்று பார்த்தால், எவரெஸ்ட் உச்சி அடிவானத்துக்கு மேல் வெறும் 2.2 டிகிரிதான் தெரியும். அந்தக் கோணத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் உயரம் 6.7 கிலோமீட்டர்தான் வரும். மீதி எங்கே போச்சு? பூமி உருண்டை. அவ்வளவு தூரத்தில் தரை வளைந்து சுமார் 2,400 மீட்டர் கீழே இறங்கிவிடுகிறது. அதைக் கூட்டணும். கூட்டினா இப்போ அதிகமாப் போகுது! ஏன்னா வெளிச்சமும் நேராக வருவதில்லை. மேலே காற்று மெலிசு, கீழே அடர்த்தி. அதனால் உச்சியிலிருந்து வரும் ஒளி வளைந்து நம் கண்ணுக்கு வருகிறது. சிகரம் இருப்பதைவிட மேலே இருப்பதுபோலத் தெரியும். இதற்கு ஒளிவிலகல் என்று பேர். அந்தத் தூரத்துக்கு இது சுமார் 300 மீட்டர். அதைக் கழிக்கணும்.

பூமியின் வளைவை நிச்சயமாகச் சொல்லலாம். ஆனால் காற்றின் வளைவை அப்படிச் சொல்ல முடியாது. காலையில் ஒரு அளவு, மதியம் ஒரு அளவு. வெப்பம் மாறினால் அதுவும் மாறும். எவ்வளவு கழிப்பது என்பதில்தான் முழு சண்டையும். 1810 வாக்கில் வில்லியம் வெப் தௌலகிரியை 26,862 அடி என்று அளந்தபோது ஐரோப்பாவில் பலர் நம்பாததற்கும் இதுதான் ஒரு காரணம். அப்போது உலகின் உயரமான மலை தென் அமெரிக்காவின் சிம்பராசோ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இன்றைய கணக்கில் தௌலகிரி 8,167 மீட்டர். வெப் சொன்னது சுமார் 20 மீட்டர்தான் அதிகம்!

சரி, நிக்கல்சனின் கோணங்களுக்கு வருவோம். கணக்குப் போட்டவர்களின் தலைவர், கல்கத்தாவில் இருந்த ராதாநாத் சிக்தர். அந்தக் காலத்தில் 'கம்ப்யூட்டர்' என்பது மனிதர்களின் வேலைப் பெயர். 1852-ல் அவர் வா-வின் அறைக்குள் ஓடி வந்து "உலகத்தின் உயரமான மலையைக் கண்டுபிடிச்சிட்டேன்"னு சொன்னதா ஒரு பிரபலமான கதை உண்டு. சினிமா சீன் மாதிரி நல்லா இருக்கும். ஆனா அப்போ வா இருந்தது டேராடூன்ல, சிக்தர் கல்கத்தாவுல. இத்தனை தூரம் ஓடி வந்திருக்க முடியாது.

இன்னொரு கதையும் உண்டு. விடை சரியாக 29,000 அடி வந்ததாம். அப்படியே வெளியிட்டால் குத்துமதிப்பாகச் சொன்னதுபோல இருக்கும் என்று இரண்டு அடியைக் கூட்டி 29,002 என்று போட்டார்களாம். இதையும் நம்மால் சோதித்துப் பார்க்க முடியும். ஆறு இடங்களிலிருந்து வந்த ஆறு விடைகள் இருக்கின்றன. மிகக் குறைந்தது 28,990.4 அடி, மிக அதிகம் 29,026.1 அடி. ஆறையும் கூட்டி ஆறால் வகுத்தால் 29,002.3 வருகிறது. யாரும் இரண்டு அடியை ஒட்டவைக்கவில்லை, அதுதான் சராசரி.

இந்த ஆறு எண்களில் இன்னொரு விஷயமும் இருக்கு. பெரிய விடைக்கும் சின்ன விடைக்கும் வித்தியாசம் 36 அடிதான். அவர்கள் கஞ்சன்ஜங்காவுக்குப் போட்ட உயரம் 28,156 அடி. இரண்டு மலைக்கும் இடையே 846 அடி இடைவெளி. ஆக, 29,002 என்ற எண் தப்பாக இருக்கலாம், ஆனால் இமயமலையில் எது உயரம் என்ற பதில் மாற வாய்ப்பு குறைவு. ஒரே ஆட்கள், ஒரே முறை, ஒரே காற்று: தப்பு நடந்தால் இரண்டு மலைக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் நடக்கும். வரிசை என்பது வேற, எண் என்பது வேற. அப்படியும் வா நாலு வருஷம் சரிபார்த்துவிட்டு 1856 மார்ச்சில்தான் அறிவித்தார்.

இனிமேதான் எனக்குப் பிடிச்ச பகுதி. 1900-களின் தொடக்கத்தில் சிட்னி பர்ரார்ட் என்ற சர்வே அதிகாரி பழைய கணக்கைத் திரும்ப எடுத்தார். வா காலத்தில் ஒளிவிலகலுக்கு அதிகமாகக் கழித்துவிட்டார்கள் என்று கண்டுபிடித்தார். அது உண்மைதான். அதைச் சரிசெய்ததும் வந்த புது விடை 29,141 அடி, அதாவது சுமார் 8,882 மீட்டர். பழைய 29,002 அடியை மீட்டரில் சொன்னால் 8,840. இன்றைய எண் 8,848.86. பழசு 9 மீட்டர் குறைவு. திருத்தியது 33 மீட்டர் அதிகம்! திருத்தியதால் தப்பு பெரிதாகிவிட்டது. எப்படி?

காரணம் கொத்தனார் கையில் இருக்கும் தூக்குக்குண்டு. தியோடலைட்டை மட்டமாக வைக்க புவியீர்ப்பின் திசைதான் ஆதாரம். ஆனால் இமயமலை மாதிரி ஒரு பெரிய பொருள் பக்கத்தில் இருந்தால், அது குண்டைக் கொஞ்சம் தன் பக்கம் இழுக்கும். அப்போது மட்டமே சாய்ந்துவிடும். இதே காரணத்தால் கடல் மட்டமும் தப்பும். எவரெஸ்ட்டுக்கு அடியில் கடல் இல்லை. இருந்திருந்தால் தண்ணீர் எங்கே நின்றிருக்கும் என்று கணக்கிட்டுத்தான் அங்கே பூஜ்யம் வைக்கிறோம். மலை தண்ணீரையும் தன் பக்கம் இழுப்பதால், அந்தக் கற்பனைக் கடல் மலைக்கு அடியில் கொஞ்சம் மேடாக நிற்கும். பூஜ்யம் மேலே ஏறினால் மலையின் உயரம் குறையும்.

வா செய்த தப்பு இரண்டு. ஒளிவிலகலில் அதிகம் கழித்தது எண்ணைக் குறைத்தது. கடல் மேட்டைக் கணக்கில் எடுக்காதது எண்ணைக் கூட்டியது. இரண்டும் ஒன்றையொன்று பெரும்பாலும் அடித்துவிட்டன. பர்ரார்ட் முதல் தப்பை மட்டும் திருத்தினார். தனியாக நின்ற இரண்டாவது தப்பு வெளியே தெரிந்துவிட்டது. 1852-ன் எண் அவ்வளவு நெருக்கமாக வந்ததில் உழைப்பும் இருந்தது, அதிர்ஷ்டமும் இருந்தது.

நேபாளம் கதவைத் திறந்த பிறகு, 1952-54ல் சர்வே ஆஃப் இந்தியாவின் பி.எல். குலாட்டி குழு 80 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்திலிருந்து அளந்தது. தூரம் குறைந்தால் காற்றின் தப்பும் குறையும். தூக்குக்குண்டின் சாய்வையும் அளந்து கணக்கில் சேர்த்தார்கள். வந்த விடைதான் நம்ம பாடப்புத்தகத்து 8,848.

இப்பத்தான் ஜிபிஎஸ் இருக்கே, இனி என்ன பிரச்சினைன்னு கேட்பீங்க. ஜிபிஎஸ் கடலிலிருந்து அளப்பதில்லை. பூமிக்குப் பதிலாகக் கணிதத்தில் வரைந்த வழுவழுப்பான ஒரு வடிவத்திலிருந்து அளக்கிறது. எவரெஸ்ட் இருக்கும் இடத்தில் அதற்கும் கடல் மட்டத்துக்கும் 25 மீட்டருக்கும் மேல் வித்தியாசம். ஆக, பழைய கடல் கேள்வி திரும்பவும் வந்துவிடுகிறது. என் நண்பர் சொன்ன 8,850, 1999-ல் ஒரு அமெரிக்கக் குழு ஜிபிஎஸ் வைத்துச் சொன்னது.

அடுத்து, உச்சி எது? 2005-ல் சீனா 8,844.43 என்று அறிவித்தது. அது பனிக்கு அடியில் இருக்கும் பாறையின் உயரம். நேபாளம் 8,848-ஐ விடவில்லை. அது பனியோடு சேர்த்து. இரண்டும் வேறு வேறு பொருளின் உயரம், ஆனாலும் சண்டை 2010 வரை ஓடியது. 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு மலை இறங்கிவிட்டதோ என்ற கேள்வி எழுந்தது. 2019 மே மாதம் நேபாள சர்வேயர் கிம்லால் கௌதம், கூட்டம் வருவதற்கு முன்னால் அதிகாலை 3 மணிக்கே உச்சியில் கருவியை வைத்தார். பனிக்கடியில் ஒரு கால்விரலை இழந்தார். 2020 மே மாதம் சீனக் குழு ஏறியது. டிசம்பர் 8 அன்று இரு நாடுகளும் சேர்ந்து ஒரே எண்ணைச் சொன்னார்கள்: 8,848.86, பனியோடு.

ஒரு பெயரை விட்டுட்டுப் போக மனசு வரல. 1851-ல் வந்த சர்வே கையேட்டில் கணிதம் நிறைந்த பகுதிகளை எழுதியவர் சிக்தர். முன்னுரையில் அவர் பெயர் இருந்தது. 1870-ல் அவர் இறந்தார். 1875 பதிப்பில் அவர் எழுதியது இருந்தது, பெயர் இல்லை. மலைக்கு வைத்த பெயரோ ஜார்ஜ் எவரெஸ்ட்டுடையது. 1843-லேயே ஓய்வு பெற்றவர் அவர். அந்தப் பெயர் வேண்டாம் என்று அவரே சொன்னார்.

அடுத்த தடவை யாராவது ஒரு மலையோட உயரம் மாறிடுச்சுன்னு ஃபார்வர்ட் அனுப்பினா, மலை வளர்ந்துச்சான்னு கேட்காதீங்க. எந்தக் கடல்லேர்ந்து அளந்தீங்க, எந்த உச்சி வரைக்கும் அளந்தீங்கன்னு கேளுங்க. என் நண்பருக்கு டீக்காசு நான்தான் கொடுத்தேன். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.