பயணக்குழுக் கருத்தறிக்கை (மட்டாஞ்சேரி)

சுற்றுலா முடிவில் பயணிகள் எழுதித்தரும் கருத்துகளைத் தொகுத்து, நிறுவன மேலாளருக்கு அனுப்பும் சுருக்க அறிக்கை. குறைகளைச் சொற்களைக் கொண்டு பிரிக்காமல், அவற்றை விளைவித்த காரணத்தைக் கொண்டு பிரிப்பதே இதன் அடிப்படை.

கொச்சி மட்டாஞ்சேரியில் இது தெளிவாகத் தெரியும். 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கட்டிய அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அருகிலுள்ள, 1568-இல் எழுந்த பரதேசி யூத ஆலயம் சனிக்கிழமை திறப்பதில்லை. வெள்ளியன்று வந்த 20 பேர் குழு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒருவர் "வழிகாட்டி சரியில்லை" என்கிறார். இன்னொருவர் "கடைகளிலேயே பொழுது போனது" என்கிறார். மூன்றாமவர் "ஓவியங்களைப் பார்க்கவே முடியவில்லை" என்கிறார். சொல்லை மட்டும் பார்த்தால் மூன்று குறைகள். பயண நாளையும் படிவத்தில் குறித்திருந்தால், மூடிய அரண்மனை என்ற ஒரே காரணம் புலப்படும்: ராமாயணச் சுவரோவியங்கள் உள்ளேயே இருந்துவிட்டன, மிஞ்சிய நேரம் யூதத்தெருக் கடைகளில் கழிந்தது, பழி வழிகாட்டிமேல் விழுந்தது. அவரை மாற்றினாலும் அடுத்த வெள்ளியன்று அதே புகார் வரும்.

ஆகவே அறிக்கையில் இந்த மூன்று குறைகளும் ஒரே தலைப்பாக வரவேண்டும். அதன்கீழ் எத்தனை பேர் சொன்னார்கள் என்ற எண்ணிக்கையும், பயணியின் சொற்களிலேயே ஒரு வரியும், தீர்வும் இடம்பெறும். மட்டாஞ்சேரிப் பயணத்தை ஞாயிறு முதல் வியாழனுக்குள் வைப்பது இங்கே தீர்வு. செய்யவேண்டியவர் பயணத்திட்டப் பிரிவினர். யூதப் பண்டிகை நாள்களிலும் ஆலயம் மூடியிருக்கும் என்பதால், அவற்றைத் தனியே சரிபார்க்க வேண்டும். ஒருவர் மட்டும் சொன்னதைத் தலைப்பாக்கக் கூடாது. பாதுகாப்புக் குறை மட்டும் விதிவிலக்கு.