ஒரு மணித்தியாலத்துக்கு எத்தனை ஜி.பி.? ஒரு கணக்குப் பிறந்த கதை

ஆவணியில் தெல்லிப்பழை துர்க்கை அம்மனுக்குத் தேர். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அதை வீடியோ கோலில் காட்டாத வீடுகள் இப்போது குறைவு. டேட்டா போடக் கடைக்கு வரும் அம்மாமார் கேட்பதும் ஒரே கேள்விதான்: "தம்பி, ஒரு மணித்தியாலம் கதைச்சா எவ்வளவு போகும்?"

கடைக்காரர் சொல்லும் பதில் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் அந்தக் கணக்குக்கு ஒரு பிறப்பு இருக்கிறது. அது தொலைபேசிக் கம்பியில் தொடங்குகிறது.

குரலை எண்ணாக்கி அனுப்பத் தொடங்கியபோது நொடிக்கு 8,000 தடவை குரலை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டில் எழுதினார்கள். பெருக்கினால் நொடிக்கு 64 கிலோபிட். ஒரு தொலைபேசித் தடத்தின் அளவு அதுவே ஆயிற்று. படத்தையும் அதே கம்பியில் அனுப்ப ஆசைப்பட்டபோதுதான் சிக்கல் வந்தது. அன்று தெரிவான படத்தின் அளவு 352க்கு 288 புள்ளிகள். அதை நொடிக்கு 30 தடவை அப்படியே அனுப்பினால் 36 மெகாபிட்டுக்கு மேல் வேண்டும். இன்றைய பேச்சில், ஒரு பக்கம் மட்டும் மணிக்கு ஏறக்குறைய 16 ஜி.பி.

ஜப்பானியப் பொறியியலாளர் சகாயே ஒகுபோ தலைமையில் கூடிய நிபுணர் குழு இதற்கு வழி கண்டது. 1988இல் வந்த H.261 என்ற தரநிலை அதன் விளைவு. முந்திய படத்திலிருந்து மாறிய இடத்தை மட்டும் அனுப்பு, மாறாததை விட்டுவிடு என்பதே அதன் உயிர். வேகத்தை 64இன் மடங்குகளாக வைத்தார்கள்: ஒரு தடம், இரண்டு தடம் என்று முப்பது வரை. இன்றைய வீடியோ கோல்களும் இந்த வழியில் வந்தவைதான்.

அந்தக் காலத்தில் தடத்துக்கும் நிமிடத்துக்கும்தான் காசு. எத்தனை எம்.பி. என்று யாரும் கேட்கவில்லை. ஸ்கைப்பில் வீடியோ வந்தபோதும் கணினியின் முன் இருந்தவர் வேகத்தைத்தான் பார்த்தார். கைபேசியில் டேட்டாவை அளந்து விற்கத் தொடங்கிய பிறகே இந்தக் கேள்வி வீட்டுக்குள் வந்தது. 2016 நவம்பரில் வட்ஸ்அப் வீடியோ கோலைத் திறந்தபின் அது எல்லோருடைய கேள்வியும் ஆயிற்று.

கணக்கு எளிது. மணிக்கு 3,600 நொடி, 8 பிட் ஒரு பைட். ஆகவே நொடிக்கு 1 மெகாபிட் ஓடினால் மணிக்கு 450 எம்.பி. இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்தால் போதும். ஆனால் பலர் தவறுவது அடுத்த படியில்: நம் முகம் போகிறது, பிள்ளையின் முகம் வருகிறது, இரண்டும் நம் டேட்டாவில்தான் கழிகிறது.

ஸூம் வெளியிட்ட அளவுகளை வைத்துப் பார்ப்போம். இருவர் கதைக்கும்போது சாதாரண நல்ல படத்துக்கு ஒவ்வொரு பக்கமும் 600 கிலோபிட். இரண்டையும் கூட்டினால் 1.2 மெகாபிட், மணிக்கு 540 எம்.பி. 720 தரத்தில் அது இரட்டித்து 1 ஜி.பி.யைத் தாண்டும். 1080 தரத்துக்குப் போக 3.8, வர 3.0 மெகாபிட் வேண்டும். மணிக்கு 3 ஜி.பி. முடிந்துவிடும். குரல் மட்டும் என்றால் 54 முதல் 90 எம்.பி.தான்.

இவை ஏறக்குறைய மேல்வரம்புகள். திண்ணையில் அசையாமல் இருந்து கதைத்தால் மாறுகின்ற இடம் குறைவு, அதனால் செலவும் குறையும். தேர் வடம் பிடிக்கும் கூட்டத்தைக் காட்டினால் ஒவ்வொரு புள்ளியும் மாறுகிறது. அனுப்பும் வேகம் வரம்பை முட்டும், அதற்குமேல் படம் கட்டம் கட்டமாக உடையும். சனம் நெருங்கி சிக்னல் நலிந்தால் செயலி தானே தரத்தை இறக்கிவிடும். அப்போது டேட்டா மிஞ்சும், படம் மங்கும். மூன்று நான்கு வீடுகள் சேர்ந்த குழு அழைப்பில் வருகிற படங்கள் கூடுவதால் வரவுப் பக்கம் வீங்கும்.

ஆகவே உங்கள் வீட்டு எண்ணை நீங்களே அளப்பதுதான் சரி. வட்ஸ்அப்பின் Settings, அதில் Storage and data, அதில் Network usage. அங்கே அழைப்புகளுக்கு அனுப்பியதும் பெற்றதும் தனித்தனியே இருக்கும். Reset statistics அழுத்தி, வழக்கம்போல 10 நிமிடம் கதையுங்கள். அனுப்பியது 30, பெற்றது 40 எம்.பி. என்று காட்டினால் கூட்டுத்தொகை 70. ஆறால் பெருக்க மணிக்கு 420 எம்.பி.

டேட்டா போதாதென்றால் Use less data for calls என்பதை இயக்குங்கள். அதுவும் போதாவிட்டால், தேர் காட்டும் நேரத்தில் மறுபக்கப் பிள்ளையை அவர் கமராவை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். வரவுப் பக்கம் ஏறக்குறைய முழுதும் மிச்சமாகும். தேருக்கு முதல்நாளே அளந்து பார்த்துவிட்டு டேட்டா போடுங்கள்.