ஹனிபல் கப்பலை மறைத்த கரும்புகை

போன பகுதியில கரி அள்ளிப் போட்ட கப்பல் தொழிலாளிகளைப் பத்திப் பேசினோம். கரி போய் எண்ணெய் எப்படி வந்துச்சுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அந்தக் கதையை ஒரு தோல்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

1900-களின் தொடக்க ஆண்டுகள். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் துறைமுகம். ஹனிபல் என்ற போர்க்கப்பல் புறப்படுது. எரிவது நல்ல வேல்ஸ் நிலக்கரி. புகைபோக்கியில் வெளுத்த புகைதான். கரியை விட்டு எண்ணெய்க்கு மாறணும் என்று வருஷக்கணக்கா வாதாடிக்கொண்டிருந்த ஜான் ஃபிஷர் அங்கே இருந்தார். எண்ணெய் விற்கும் ஷெல் நிறுவனத்தின் மார்கஸ் சாமுவேலும் வந்திருந்தார். சமிக்ஞை கொடுத்ததும் கப்பல் எண்ணெய்க்கு மாறியது. கொஞ்ச நேரத்தில் கன்னங்கரேலென்று புகை எழும்பி கப்பலையே மூடிவிட்டது. பார்க்க வந்தவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு திரும்பினார்கள்.

எண்ணெய் கெட்ட எண்ணெயா? இல்லை. அதை எரிக்கக் கொடுத்த விதம்தான் தப்பு. அது புரியணும்னா கொஞ்சம் பின்னால போகணும், காஸ்பியன் கடற்கரையில் இருக்கிற பாக்கு நகரத்துக்கு.

19-ஆம் நூற்றாண்டில் பாக்குவில் கச்சா எண்ணெயைக் காய்ச்சியதெல்லாம் விளக்குக்கு மண்ணெண்ணெய் எடுக்கத்தான். எடுத்தது போக, பாதிக்கும் மேல் கரியநிறக் கசடாக அடியில் மிஞ்சும். ரஷ்யர்கள் அதை மசூத் என்பார்கள். நாம ஃபர்னஸ் ஆயில்னு சொல்றதுக்கு அதுதான் பாட்டன். பக்கத்தில் கரி கிடையாது, மரமும் அரிது. அதனால் காஸ்பியன் நீராவிக் கப்பல்களில் மசூத்தைத் தட்டில் ஊற்றி எரித்துப் பார்த்தார்கள். எரியத்தான் செய்தது. ஆனால் அடுப்பு முழுக்கப் புகைக்கரி.

ஏன் அப்படி? எண்ணெய் திரவமாக இருக்கும்போது எரிவதே இல்லை. அதன் மேற்பரப்பிலிருந்து எழும் ஆவிதான் காற்றோடு கலந்து எரியும். மண்ணெண்ணெய் லேசிலே ஆவியாகும். மசூத் என்பது சுலபமாக ஆவியாகிற பகுதியெல்லாம் ஏற்கெனவே போன மிச்சம். தட்டில் கிடக்கும்போது மேல்தோல் மட்டும் சூடேறி, கிடைக்கிற கொஞ்சக் காற்றில் அரைகுறையாக எரியும். வேகாத கார்பன் புகையாகப் போகும்.

இப்போ ஒரு சின்ன கணக்கு. ஒரு மில்லிலிட்டர் எண்ணெயை ஒரே துளியாக உருட்டினால் அது கோலிக்குண்டைவிடச் சற்றுச் சிறிசு, 12 மில்லிமீட்டர் குறுக்களவு. மேற்பரப்பு 5 சதுர சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. அதே எண்ணெயை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள துளிகளாகச் சிதறடித்தால் ஏறக்குறைய 19 லட்சம் துளிகள் கிடைக்கும். மேற்பரப்பு 600 சதுர சென்டிமீட்டர். எண்ணெய் அதேதான், காற்றும் சூடும் தொடுகிற இடம் 120 மடங்குக்கு மேல. இன்னொன்று: ஒரு துளி எரிந்து முடிகிற நேரம் அதன் குறுக்களவின் வர்க்கத்தைப் பொறுத்தது. துளி இரண்டு மடங்கு பெரிதானால் நேரம் நாலு மடங்கு. அடுப்புக்குள் சுடர் இருக்கும் நேரமோ ரொம்பக் குறைவு. அதற்குள் எரிந்து முடிக்காத துளி சுவரில் மோதிக் கரியாகும், இல்லை புகைபோக்கி வழியா வெளியேறும்.

பாக்குக்காரர்கள் கண்ட வழி நீராவி. பாய்லரிலிருந்து கொஞ்சம் நீராவியை எடுத்து எண்ணெய்த் தாரையின் மேல் வேகமாக அடித்தால் அது எண்ணெயைப் பிய்த்துத் தூவிவிடும். விளாதிமிர் ஷூகவ் என்ற பொறியாளர் 1880 வாக்கில் வடிவமைத்த தூவி அந்த வகைதான். 1880-களிலேயே தெற்கு ரஷ்யாவில் தாமஸ் அர்க்கார்ட் ரயில் எஞ்சின்களை இப்படி எண்ணெயில் ஓட்டினார். எண்ணெய் கெட்டியா இருந்தாலும் நீராவியின் வேகம் அதைக் கிழித்துவிடும். கூடவே சூடும் ஏற்றிவிடும்.

சரி, அப்படின்னா கடற்படைக்கு என்ன சிக்கல்? தண்ணீர்! தூவப் போன நீராவி புகைபோக்கி வழியே போய்விடும், திரும்ப வராது. நடுக்கடலில் அதற்கு ஈடாக உப்புநீரைக் காய்ச்சி நன்னீர் எடுத்துக்கொண்டே இருக்கணும். அதனால் நீராவி இல்லாமல் தூவும் வழி தேடினார்கள்.

கடைசியில் நிலைத்தது அழுத்தத் தூவி. பம்பு எண்ணெயை உயர்ந்த அழுத்தத்தில் தள்ளும். முனைக்குள் சாய்வான சிறு பள்ளங்கள் அதைச் சுழற்றிவிடும். சுழன்றபடி ஓட்டை வழியே வரும் எண்ணெய் கூம்பு வடிவில் மெல்லிய ஏடாக விரிந்து, ஏடு கிழிந்து, துளிகளாகும். இங்கே எண்ணெயைக் கிழிக்க வெளியாள் யாரும் இல்லை, தன் வேகத்தாலேயே கிழியணும். எண்ணெய் கெட்டியாக இருந்தால் சுழற்சி உள்ளேயே தேய்ந்துபோகும், கூம்பு விரியாது, கயிறு மாதிரி வெளியே வந்து பெருந்துளிகளாக விழும். சூடாக்குவது இந்த இடத்தில்தான் கட்டாயமானது. அதைச் சரிசெய்த பிறகுதான் 1912-இல் கட்டத் தொடங்கிய குயின் எலிசபெத் வகைப் போர்க்கப்பல்களை முழுக்க எண்ணெயை நம்பி இறக்கினார்கள்.

எவ்வளவு சூடு? நம்ம ஊரில் பரவலாக வாங்கும் ஃபர்னஸ் ஆயில் 50 டிகிரியில் 180 சென்டிஸ்டோக் வரை கெட்டி. அழுத்தத் தூவிக்கு 15-இலிருந்து 20-க்குள் வேணும். அதற்கு 100-இலிருந்து 110 டிகிரி. டேங்கில் 50 டிகிரி போதும், அது பம்பு இழுக்கத்தான்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, ஒரு மில்லின் பாய்லர் அறையில் கற்றுக்கொண்டேன். ஒரு காலை ஷிப்டில் புகைபோக்கி கறுத்தது. காற்று பத்தலைன்னு நினைச்சு டேம்பரைத் திறந்தேன். புகை கொஞ்சம் மெலிந்தது, ஆனால் புகைபோக்கி வெப்பம் ஏறியது, நீராவி அழுத்தம் இறங்கியது. கூடுதல் காற்று சூட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போனது. மூத்த ஃபோர்மேன் வந்து டேம்பரைப் பார்க்கவே இல்லை. பார்வைத் துளையில் கண்ணை வைத்தார். "தம்பி, பொறி பறக்குது பாரு. அது காற்றுக் குறை இல்ல, துளி பெருசு"ன்னார். பர்னருக்கு முன்னால் இருந்த வெப்பமானி 75 காட்டியது. எண்ணெய் இருக்கவேண்டியதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கெட்டி. ஹீட்டர் சுருளைக் கழற்றினால் மேலெல்லாம் கரி படிந்து, சூடு எண்ணெய்க்கு இறங்கவே இல்லை. சுத்தம் செய்து 105-க்குக் கொண்டுவந்ததும் பொறி நின்றது. அப்புறம் டேம்பரைப் பழைய இடத்துக்கே மூடினோம்.

அப்போ இன்னும் சூடாக்கினால் இன்னும் நல்லதா என்று கேட்டேன். "ஆசைப்படாதே" என்றார். மிஞ்சிச் சூடாக்கினால் எண்ணெயில் கலந்திருக்கும் தண்ணீர் முனையில் வெடித்து ஆவியாகும், சுடர் துடிக்கும். ஹீட்டரிலும் முனையிலும் எண்ணெய் கரியாகி ஓட்டையை அடைக்கும். ஓட்டை ஒரு பக்கம் அடைந்தால் கூம்பு கோணும், மறுபடியும் அதே கரும்புகை.

ஹனிபலின் தளத்தில் நின்றவர்கள் எண்ணெயைத்தான் குறை சொன்னார்கள். அன்னைக்கு நான் காற்றைக் குறை சொன்னேன். ரெண்டு பேரும் துளியைப் பார்க்கவில்லை.

அடுத்த பகுதியில், அந்த எண்ணெய்க்காக இங்கிலாந்து பாரசீகத்துக்குப் போன கதையைப் பார்ப்போம்.