மொழித்திறன் நிலை உயர்வு: கால மதிப்பீடு

ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட பொதுச் சட்டகம் மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகளாகப் பகுக்கிறது. ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குச் செல்ல இத்தனை மணி நேரம் என்று அது விதிக்கவில்லை. அந்தக் கணக்கைத் தேர்வு நிறுவனங்களே தருகின்றன.

ஆங்கிலத்துக்குக் கேம்பிரிட்ஜ் தரும் வழிகாட்டல் அளவில், பி1-ஐ எட்ட 350 முதல் 400 மணி நேரமும் பி2-ஐ எட்ட 500 முதல் 600 மணி நேரமும் ஆகும். இவை தொடக்கத்திலிருந்து கூட்டிய மொத்தம். இதைக் கவனிக்காமல் 600 மணி நேரத்தையும் பி2-க்கே ஒதுக்கி மலைத்துப்போவோர் உண்டு. பி1 முடித்தவருக்குத் தேவை இரண்டின் வித்தியாசமான 150 முதல் 200 மணி நேரமே. வாரம் 6 மணி நேரம் வகுப்புக்குச் சென்றால், 200 மணி நேரம் 34 வாரங்களில், அதாவது ஏறத்தாழ எட்டு மாதங்களில் நிறைவுறும். ஜெர்மன் வகுப்புகளில் ஒரு பாடவேளை 45 நிமிடம். அங்கே 200 பாடவேளை என்பது 150 மணி நேரம்தான்.

நிலைகள் சம அகலமுள்ளவை அல்ல. மேலே போகப்போக ஒவ்வொன்றும் விரிகிறது. தாய்மொழி, வகுப்புக்கு வெளியே கிடைக்கும் பழக்கம் ஆகியவையும் கணக்கை மாற்றும். வாசிப்பில் பி2-ஐ எட்டியவர் பேச்சில் பி1-லேயே நிற்பதும் இயல்பு. ஆகவே பாதிக் காலம் கடந்ததும் நான்கு திறன்களுக்கும் தனித்தனியே மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்து, பின்தங்கிய திறனை வைத்தே மீதிக் காலத்தைக் கணிக்க வேண்டும்.