கோமுகிக் கரையும் ஹார் பகுப்பும்

கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் கோமுகி ஆறு, மலையடிவாரத்தில் அணையில் தேங்குகிறது. தண்ணீர் முடிந்து புதரும் மரமும் தொடங்கும் கரையை ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோளின் லிஸ்-3 கருவி வானிலிருந்து பார்க்கும்போது, ஒரு படப்புள்ளிக்குள் 23.5 மீட்டர் நீள அகலமுள்ள நிலம் அடங்கிவிடுகிறது. அண்மை அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும்; பச்சை இலை திருப்பி அனுப்பும். ஆகவே அந்தப் பட்டையில் நீர் கறுத்தும் காடு வெளுத்தும் தெரியும்.

அப்படியொரு கரையில் நான்குக்கு நான்கு புள்ளிகள் கொண்ட சதுரத்தை எடுத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 94 மீட்டர். கணக்கு விளங்குவதற்காக எண்களை நானே அமைத்திருக்கிறேன். சிறிய எண் நீர், பெரிய எண் காடு.

```
12  84  88  92
16  80  84  88
12  12  80  88
 8  16  84  84
```

மேல் இரண்டு வரிசைகளில் கரை முதல் புள்ளிக்கும் இரண்டாவது புள்ளிக்கும் நடுவே ஓடுகிறது. கீழ் இரண்டு வரிசைகளில் ஒரு புள்ளி வலப்புறம் தள்ளியிருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஹங்கேரியக் கணித அறிஞர் ஆல்ஃபிரெட் ஹார் 1910-இல் வெளியிட்ட கட்டுரையில் வகுத்த சார்புகளே இந்தப் பகுப்புக்கு அடிப்படை. செய்முறை எளிது. ஒவ்வொரு வரிசையையும் இரண்டிரண்டு எண்களாகப் பிரித்து, ஒவ்வொரு சோடிக்கும் சராசரியையும், இடதிலிருந்து வலதைக் கழித்த வித்தியாசத்தில் பாதியையும் எழுத வேண்டும். முதல் வரிசையில் 12, 84 என்ற சோடி 48, −36 ஆகும். 88, 92 என்ற சோடி 90, −2 ஆகும். எல்லா வரிசைகளும் முடிந்தபின், கிடைத்ததை மேலிருந்து கீழாகச் சோடி சேர்த்து இதையே மறுபடி செய்ய வேண்டும். முடிவில் இரண்டுக்கு இரண்டாக நான்கு கட்டங்கள் மிஞ்சும்.

```
தோராயம்        இடவல வித்தியாசம்
48  88         -34  -2
12  84          -2  -2

மேல்கீழ்        மூலைவிட்டம்
 0   2          -2   0
 0   0           2  -2
```

தோராயக் கட்டம் அதே கரையின் மங்கலான சிறு படம். இதில் ஒரு புள்ளி 47 மீட்டர். மற்ற மூன்றும் விவரக் கட்டங்கள். எதுவும் தொலைந்துவிடவில்லை. நான்கு கட்டங்களிலும் இடது மேல் மூலையில் உள்ள எண்களைக் கூட்டினால், 48 − 34 + 0 − 2 = 12, முதல் புள்ளி அப்படியே திரும்பி வருகிறது. குறிகளை மாற்றிக் கூட்டினால் மற்ற மூன்று புள்ளிகளும் வரும்.

விவரமாக உள்ள பன்னிரண்டு எண்களில் பெரியது −34 ஒன்றுதான். மற்ற பதினொன்றையும் பூச்சியமாக்கிவிட்டுப் படத்தை மீட்டாலும், எந்தப் புள்ளியும் 4-க்கு மேல் பிசகுவதில்லை. பதினாறு எண்களுக்குப் பதிலாக ஐந்து எண்களும் அவற்றின் இடமும் போதும். படச் சுருக்கத்தின் அடிப்படை இதுவே.

இப்போது கீழ் வரிசைகளுக்கு வருவோம். அங்கே 12-லிருந்து 80-க்கும், 16-லிருந்து 84-க்கும் எண் தாவுகிறது. மேலே உள்ள அதே கரைதான், ஏறக்குறைய அதே தாவல்தான். ஆனால் இடவல வித்தியாசத்தில் அதற்குக் கிடைத்தது வெறும் −2. தாவல் இரண்டாவது எண்ணுக்கும் மூன்றாவது எண்ணுக்கும் நடுவே, அதாவது இரு சோடிகளின் எல்லையில் விழுந்துவிட்டது. சோடிக்குள் நடப்பதைத்தான் முதல் படி அளக்கும். எல்லையில் நிற்கும் கரை அதன் கண்ணில் படாது.

அந்தக் கரை எங்கே போனது? தோராயக் கட்டத்துக்குள் 12, 84 என்று ஒளிந்திருக்கிறது. அந்தக் கட்டத்தை மட்டும் எடுத்து அதே கணக்கை இன்னொரு முறை செய்தால் தோராயம் 58 என வரும். அது பதினாறு புள்ளிகளின் மொத்தச் சராசரி. இடவல வித்தியாசம் −28, மேல்கீழ் 10, மூலைவிட்டம் 8. முதல் படியில் மறைந்த கரை இரண்டாம் படியில் வெளிப்பட்டுவிட்டது.

கோமுகியில் இதற்கு நேரடி விளைவு உண்டு. வடகிழக்குப் பருவமழையில் அணை நிரம்பும்போது கரை ஏறும், கோடையில் இறங்கும். கரை ஒரே ஒரு புள்ளி நகர்ந்தாலும் முதல் படி விவரத்தில் ஒரு மாதப் படத்தில் பளிச்சென்று தெரிந்த கோடு, அடுத்த மாதப் படத்தில் அற்றுப்போகலாம். அதைப் பார்த்துக் கரையே அழிந்துவிட்டதாக முடிவுகட்டினால் தவறு.

சோதிக்க ஒரு வழி உண்டு. படத்தை ஒரு புள்ளி நகர்த்தி மறுபடி பகுக்க வேண்டும். கோடு திரும்பி வந்தால், மறைவுக்குக் காரணம் சோடி சேர்த்த விதம். நிலத்தில் நேர்ந்த மாற்றமன்று. நகர்த்தியும் நகர்த்தாமலும் பகுத்த விவரங்களைச் சேர்த்து வைத்தால் எந்தக் கரையும் தப்பாது. எண்களின் தொகை பெருகும், சுருக்கத்தின் பயன் குறையும். படத்தைச் சேமிப்பதற்கு முதல் முறை; கரையைத் தேடுவதற்கு இரண்டாம் முறை.