ரூபாவைக் கட்டிய கயிறு



மருதானைப் பஞ்சிகாவத்தையில் மோட்டார் உதிரிப்பாகம் விற்கும் வணிகர்கள் 2021ஆம் ஆண்டின் இறுதியில் விசித்திரமான ஒரு நிலையைக் கண்டனர். டொலர் ஒன்றின் விலை ஏறத்தாழ 203 ரூபா என்று வங்கிகள் அறிவித்தன. ஆனால், அந்த விலைக்கு டொலர் கேட்டுச் சென்றவர்களுக்கு "இல்லை" என்பதே விடையாயிற்று. விலை இருக்கிறது; பண்டம் இல்லை. நாணயப் பிணைப்பு ஒன்று அறுபடப் போகிறது என்பதற்கு இதனினும் தெளிவான அறிகுறி வேறில்லை.

பிணைப்பு என்பது யாது? தன் நாணயத்தை இன்ன விலைக்கு வாங்குவேன், விற்பேன் என்று ஒரு நாடு தரும் வாக்குறுதியே அது. இலங்கைக்கு இது புதிதன்று. 1884இல் ஓரியன்டல் வங்கி முறிந்தபோது அதன் நோட்டுகளை வைத்திருந்த மக்கள் கலங்கினர். தேசாதிபதி ஆதர் கோர்டன் அந்நோட்டுகளுக்கு அரசின் உத்தரவாதம் அளித்தார். அவ்வாண்டிலேயே நாணயச் சபை முறை தோன்றியது. அம்முறையின் கீழ் வெளியான ஒவ்வொரு நோட்டுக்கும் ஈடாக வெள்ளி நாணயமோ பத்திரங்களோ இருப்பில் இருந்தன. இலங்கை ரூபா இந்திய ரூபாவுக்குச் சமமாக நின்றது. ஈடின்றி ஒரு நோட்டும் அச்சிட வழியில்லை. ஆகவே வாக்குறுதி பொய்க்கவும் வழியில்லை. ஆனால், தேயிலை விலை வீழ்ந்து பணம் வெளியேறினால், உள்நாட்டிற் பணத்தட்டுப்பாடும் உடன் வரும். அந்த வலியைத் தாங்குவதே அம்முறையின் விலை.

1950 ஓகஸ்ட் 28ஆம் திகதி மத்திய வங்கி திறக்கப்பட்டது. ஜோன் எக்ஸ்டர் அதன் முதல் ஆளுநர். ஈட்டினும் மிகுதியாகப் பணம் ஆக்கும் ஆற்றல் நாட்டுக்குக் கிடைத்தது. நன்மையும் இடரும் அதனுள்ளேயே இருந்தன.

அந்த இடரைச் சற்று நின்று நோக்குவோம். பஞ்சிகாவத்தை வணிகர் ஒருவர் ஆயிரம் டொலர் வேண்டி 2,03,000 ரூபா செலுத்துகிறார் என்று கொள்வோம். சந்தையில் டொலர் போதாமையால் மத்திய வங்கி தன் கையிருப்பிலிருந்து அதனைத் தருகிறது. அந்த 2,03,000 ரூபாவும் புழக்கத்தைவிட்டு வங்கிக்குள் சென்று மறைகிறது. நாட்டிற் பணம் குறைகிறது, வட்டி ஏறுகிறது, மக்கள் வாங்குவது தளர்கிறது, டொலருக்கான வேட்கையும் தணிகிறது. பிணைப்பு தன்னைத்தானே காக்கும் வழி இதுவே.

ஆனால், அதே நாளில் அரசின் திறைசேரி உண்டியல்களை மத்திய வங்கி வாங்கினால் என்ன ஆகும்? வங்கிக்குள் மறைந்த ரூபா சம்பளமாகவும் செலவாகவும் மறுபடி வெளியே வருகிறது. வட்டி ஏறுவதில்லை. வெளிவந்த ரூபா மீண்டும் டொலர் தேடுகிறது. ரூபாவை ஆக்கலாம், டொலரை ஆக்க இயலாது.

நடந்தது இதுவே. 2019 இறுதியில் வரி குறைக்கப்பட்டது. பின்னர்ப் பெருந்தொற்று வந்து உல்லாசப் பயணத்துறையை முடக்கியது. வட்டியைத் தாழ்வாக வைக்க விரும்பியதால், ஏலத்தில் விலைபோகாத உண்டியல்களை மத்திய வங்கியே வாங்கிற்று. 2019 இறுதியில் ஏறத்தாழ 760 கோடி டொலராக இருந்த கையிருப்பு 2021 இறுதியில் 310 கோடியாயிற்று. அதிலும் ஏறத்தாழ 150 கோடி, சீன மத்திய வங்கியுடனான நாணயப் பரிமாற்ற ஏற்பாடு. எளிதில் எடுத்துச் செலவிடத்தக்கதன்று.

மத்திய கிழக்கில் உழைக்கும் நம்மவர்கள் வங்கியை விட்டு, உண்டியல்காரரை நாடினர். (திறைசேரிப் பத்திரத்துக்கும் இக்கள்ள வழிக்கும் தமிழில் ஒரே பெயர் வாய்த்தது வேடிக்கைதான்!) வெளியே கூடுதல் விலை கிடைக்கையில் 203 ரூபாவுக்கு விற்பவர் யார்? 2020இல் 710 கோடி டொலராக இருந்த அவர்களது வருவாய் 2021இல் ஏறத்தாழ 550 கோடியாகச் சரிந்தது. டொலருக்குப் பத்து ரூபா ஊக்கத்தொகை கொடுத்துப் பார்த்தனர், பயனில்லை. உண்டியல்காரரைப் பழித்தோர் பலர். அவர்கள் நோய்க்குறியேயன்றி நோய்க்காரணமல்லர் என்பது என் கருத்து.

வட்டியைப் பெரிதும் உயர்த்துவது அப்போதும் கையிலிருந்த கருவி. ஆனால், அரசின் கடன்சுமை அதனால் மேலும் ஏறும், அதற்கு அஞ்சினர். 2022 சனவரியில் 50 கோடி டொலர் கடன்முறி ஒன்று கையிருப்பிலிருந்தே தீர்க்கப்பட்டது. மார்ச் 7ஆம் திகதி, 230 ரூபா வரை செல்லலாமென்று கயிற்றைத் தளர்த்தினர். தளர்த்திய கயிற்றைப் பிடித்து நிறுத்தக் கையில் டொலர் இல்லை; சில நாட்களிலேயே அவ்வெல்லை கடந்துபோயிற்று. ஏப்ரில் 8ஆம் திகதி கொள்கை வட்டி ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது. 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் செலுத்துவது நிறுத்தப்பட்டது. மே மாதத்தில் டொலர் 360 ரூபாவை எட்டியது. உதிரிப்பாகமும் மருந்தும் எரிபொருளும் அதே வேகத்தில் ஏறின.

2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம், அரசின் பத்திரங்களை நேரடியாக ஏலத்தில் வாங்குவதை மத்திய வங்கிக்குத் தடைசெய்தது. வெளியேறிய ரூபா திரும்பி வந்த வாயில் அதுவே.